அப்பாவுக்குப் பிரஷர்: காலைக் காபியை நிறுத்தியே ஆகணுமா?

கல்லிடை மகள் | செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பாவுக்கு 62 வயசு. ரெண்டு வருஷமா பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் ராத்திரி ஒண்ணு போடுதாங்க. சர்க்கரை வியாதி கிடையாது, பீடி வெத்தலை எதுவும் கிடையாது. காபி மட்டும்தான். காலையில ஆறு மணிக்குப் பெரிய டம்ளர்ல ஒண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு ஒண்ணு. நாப்பது வருஷப் பழக்கம்.

போன வாரம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். 158/94 காட்டுச்சு. டாக்டர், "காபியை நிறுத்துங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரையைக் கூட்டணும்"னு சொன்னாங்க. மறுநாளே அப்பா காபியை விட்டுட்டாங்க. ரெண்டாம் நாள் தலைவலி தாங்க முடியாம சாயங்காலம் வரைக்கும் படுத்தே கிடந்தாங்க. மூணாம் நாள் அம்மா பொறுக்க முடியாம ஒரு டம்ளர் போட்டுக் குடுத்தாங்க, அரை மணி நேரத்துல தலைவலி போயிடுச்சு.

இப்ப வீட்டுல தினமும் இதே பேச்சுதான். சித்தப்பா "காபிதான் விஷம்"ங்காரு. அத்தை "நாப்பது வருஷம் குடிச்ச காபி இப்பதானா ஏத்தப் போகுது"ங்காங்க. உண்மையிலேயே காபிதான் காரணமா? நிறுத்தினா நிலையா இறங்குமா?

---

உடன்குடி ராசா | செவ்வாய், இரவு 9.48

காபியை நிறுத்த வேண்டாம் தங்கச்சி, சீனியை நிறுத்துங்க. எங்க வீட்டுல எல்லாரும் கருப்பட்டிக் காபிதான். எங்க அய்யா எண்பது வயசு வரைக்கும் அதைத்தான் குடிச்சாரு, பிரஷரே கிடையாது. கருப்பட்டி உடம்புச் சூட்டைத் தணிக்கும், பிரஷரை ஏத்த விடாது. பொடியிலயும் சிக்கரி கூடுதலாப் போட்டு வாங்குங்க, சிக்கரியில காஃபீன் கிடையாது.

---

வண்ணார்பேட்டை சுப்பு | செவ்வாய், இரவு 10.15

எனக்கும் இதே கதைதான். 51 வயசு, ஆட்டோ ஓட்டுதேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில காலையில ஒரு காபி, கூடவே ரெண்டு சிகரெட். அதை முடிச்சிட்டு மெடிக்கல்ல பிரஷர் பாத்தா 170 காட்டுது. ராத்திரி வீட்டுல பாத்தா 140. மெஷின் கோளாறா, காபியா, ஒண்ணும் விளங்கலை.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | புதன், காலை 5.30

கல்லிடை மகளுக்கு. நான் முப்பத்தொரு வருஷம் வார்டுல வேலை பார்த்து, கடைசி எட்டு வருஷம் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வானவ. பதில் சொல்லுததுக்கு முன்னால சில கேள்வி இருக்கு.

அன்னைக்கு கிளினிக்குல பிரஷர் பார்த்தது எத்தனை மணிக்கு? அதுக்கு முன்னால அப்பா காபி குடிச்சாங்களா, குடிச்சு எவ்வளவு நேரம் ஆயிருந்துச்சு? மாடியேறிப் போனீங்களா? உட்கார்ந்த உடனே பார்த்தாங்களா, கொஞ்ச நேரம் விட்டா? கைப்பட்டையைச் சட்டைக்கு மேல கட்டினாங்களா? அப்பா பேசிக்கிட்டே இருந்தாங்களா? எத்தனை தடவை பார்த்தாங்க?

இதெல்லாம் தெரியாம 158ங்கிற எண்ணை வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சுப்பு தம்பி, உங்களுக்குத் தனியா எழுதுதேன். உங்க விஷயம் வேற.

---

கல்லிடை மகள் | புதன், காலை 8.02

அக்கா, நீங்க கேட்ட பிறகுதான் யோசிச்சேன். காலை ஆறு மணிக்கு வழக்கமான காபி. ஏழே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் கடையில இன்னொண்ணு. கிளினிக் மாடியில, படி ஏறித்தான் போகணும். எட்டேகாலுக்கு உள்ளே கூப்பிட்டாங்க. உட்கார்ந்ததும் பட்டையைக் கட்டிட்டாங்க, முழுக்கைச் சட்டைக்கு மேலதான். அப்பா என் கல்யாணப் பேச்சைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க. ஒரே தடவைதான் பார்த்தாங்க.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | புதன், மதியம் 2.20

அப்படின்னா அந்த 158ல எது காபி, எது படிக்கட்டு, எது பேச்சுன்னு பிரிக்கவே முடியாது. சட்டைக்கு மேல கட்டினாலும் அளவு மாறும், பேசிக்கிட்டே இருந்தாலும் கூடும். பிரஷர் பார்க்க முன்னால அரை மணி நேரமாவது காபி, புகை, வேகமான நடை எதுவும் கூடாது, அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கணும். உங்க அப்பாவுக்கு இதுல ஒண்ணுகூட நடக்கலை. யாரையும் குத்தம் சொல்லலை. காலை நேரக் கூட்டத்துல இப்படித்தான் நடந்துபோகுது.

காபி என்ன செய்யுதுன்னு சொல்லுதேன். நம்ம உடம்புல அடினோசின்னு ஒரு பொருள் சுரக்கும், ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கிறதும், அசதியைக் காட்டுறதும் அது செய்யுற வேலை. அது உட்கார வேண்டிய இடத்துல காஃபீன் போய் உட்கார்ந்துக்கிடும். அதனால குழாய் கொஞ்சம் இறுகும், அட்ரினலினும் கூடும். குடிச்ச அரை மணியில ஏற ஆரம்பிச்சு, ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உச்சிக்குப் போயி, மூணு நாலு மணி நேரத்துல இறங்கிடும். அப்பாவுக்குத் தலைவலி வந்ததும் இதே காரணத்தாலதான். தினமும் தடுத்து வச்ச அடினோசின் திடீர்னு தடையில்லாம வேலை செய்யும், தலையில குழாய்கள் விரியும். அதனால நிறுத்தணும்னு முடிவானாக்கூட ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது, ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்.

பிரஷர் உள்ளவங்களை மட்டும் வச்சுச் செஞ்ச சோதனைகளை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2011ல தொகுத்துப் பார்த்தாங்க. 200லேருந்து 300 மில்லிகிராம் காஃபீன் ஒரே மூச்சுல உள்ளே போனா மேல் அளவு சராசரியா 8, கீழ் அளவு 6 போல ஏறுது, மூணு மணி நேரம் வரைக்கும் நிக்குது. அதே தொகுப்புல, ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் காபி குடிச்சவங்களோட பிரஷர் குடிக்காதவங்களை விடக் கூடுதலா இல்லை. உங்க சித்தப்பா சொல்லுததுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அத்தை சொல்லுததுலயும் இருக்கு.

ஆனா சராசரிங்கிறது உங்க அப்பா இல்லை. ஒருத்தருக்கு ரெண்டு புள்ளிதான் ஏறும், இன்னொருத்தருக்குப் பதினஞ்சு ஏறும். வீட்டுலயே பார்த்துடலாம். மெஷின் இருக்கா? மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம், மேல்கையில கட்டுறதா இருக்கணும்.

---

பொடிக்கடை அண்ணாச்சி | புதன், மாலை 6.40

தென்காசியில காபிக்கொட்டை வறுத்து அரைச்சு விக்கிறவன் நான். உடன்குடித் தம்பி சிக்கரி பத்திச் சொன்னது சரி, அதுல காஃபீன் கிடையாது. சட்டப்படி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது, பாக்கெட் மேல விகிதம் போட்டிருக்கணும். ஆனா சிக்கரி கூடினா டிக்காஷன் கருப்பாவும் கெட்டியாவும் இறங்கும், பார்க்கிறவங்க ஸ்ட்ராங்னு நினைச்சுக்கிடுவாங்க. நிறத்தை வச்சுக் காஃபீனைக் கணக்குப் போட முடியாது.

இன்னொண்ணு யாரும் கேக்க மாட்டாங்க: கொட்டை என்ன ஜாதி? ரோபஸ்டாவுல அராபிகாவைப் போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காஃபீன் இருக்கு. நூறு கிராம் கொட்டையில அராபிகான்னா ஒண்ணேகால் கிராம் போல, ரோபஸ்டான்னா ரெண்டு கிராமுக்கு மேல. நம்ம பக்கம் நுரையும் கெட்டியும் வேணும்னு கேக்கிறவங்களுக்கு ரோபஸ்டா கூடத்தான் போடுவோம். தங்கச்சி, உங்க வீட்டுல என்ன கலவை, ஒரு தடவை ஃபில்டருக்கு எத்தனை கரண்டி?

---

கல்லிடை மகள் | புதன், இரவு 8.15

பாக்கெட்டுல 70க்கு 30ன்னு போட்டிருக்கு. கொட்டை பாதிக்குப் பாதின்னு கடைக்காரர் சொன்னாரு. அம்மா நாலு கரண்டி குமிச்சுப் போடுவாங்க, சமையல் தராசுல வச்சுப் பார்த்தேன், 25 கிராம். முதல் டிக்காஷன்ல பாதிக்கு மேல அப்பாவோட பெரிய டம்ளருக்கே போயிடும், மிச்சம் அம்மாவுக்கு.

---

பொடிக்கடை அண்ணாச்சி | புதன், இரவு 8.50

25 கிராம்ல 70 சதவீதம்னா பதினேழரை கிராம் காபி. பாதி அராபிகா பாதி ரோபஸ்டான்னா சுமாரா 300 மில்லிகிராம் காஃபீன் பொடிக்குள்ள இருக்கு. கொஞ்சம் சக்கையில தங்கிடும். அப்பா டம்ளருக்கு 150 பக்கம் வந்துடும். அன்னைக்குக் கடைக் காபியையும் சேர்த்தா அந்தக்கா சொன்ன 200ஐத் தாண்டியிருக்கும். கடைகள்ல ரெண்டாம் டிக்காஷன் கலப்பாங்க, அது இளசு, ஆனாலும் சும்மா இல்லை.

---

நாங்குநேரி மதினி | புதன், இரவு 9.05

எங்க வீட்டுக்காரர் மாத்திரையைக் காபியிலதான் முழுங்குதாரு. அதனாலதான் மாத்திரை வேலை செய்யலையோ? காபி மருந்தை முறிக்குமா?

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | வியாழன், காலை 5.40

மதினி, என்ன மாத்திரைங்கிறதைப் பொறுத்தது. தைராய்டு மாத்திரையைக் காபியோட போட்டா உடம்புல சரியாச் சேராது, அதுக்குக் கட்டாயம் வெறும் தண்ணிதான், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேணும். பிரஷர் மாத்திரையையும் தண்ணியில முழுங்கச் சொல்லுங்க, அதுதான் நல்லது. சீட்டைப் படிச்சு மாத்திரை பேரை எழுதுங்க, சொல்லுதேன்.

ராசா தம்பி, உங்க அய்யா எண்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தது பெரிய பாக்கியம். ஆனா கருப்பட்டி காஃபீனைக் குறைக்காது. கருப்பட்டி போட்டாலும் சீனி போட்டாலும் அதே டிக்காஷன்தான் உள்ளே போகுது. சுக்குக் காபின்னா கணக்கே வேற. காபிப்பொடி சேர்க்காம சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வச்சதுன்னா அதுல காஃபீனே கிடையாது. நம்ம ஊருல ரெண்டையும் காபின்னே சொல்லுறதால குழப்பம் வருது.

சுப்பு தம்பி, உங்களுக்கு. மெஷின்ல கோளாறு இல்லை. பிரஷர் உள்ளவங்களுக்குக் காபியையும் சிகரெட்டையும் தனித்தனியாவும் சேர்த்தும் குடுத்துப் பார்த்த பழைய ஆராய்ச்சி ஒண்ணு உண்டு, 1982ல வந்தது. சிகரெட் மட்டும்னா பத்து புள்ளி ஏறி கால் மணி நேரத்துல இறங்கிடுச்சு. காபி மட்டும்னா பத்து போல ஏறி ரெண்டு மணி நேரம் நின்னுச்சு. ரெண்டும் சேர்ந்தப்போ இருபதைத் தாண்டி ரெண்டு மணி நேரம் இறங்கவே இல்லை. நீங்க கடையில நிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் உங்க 170. அதுக்காக ராத்திரி 140ஐ நல்லதுன்னு எடுத்துக்கிடாதீங்க, அதுவும் கூடுதல்தான். இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. விட வேண்டியது முதல்ல சிகரெட்டை.

கல்லிடை மகளே, வீட்டுல எப்படிப் பார்க்கணும்னு எழுதுதேன்.

ஆறு நாள் வேணும். ஒரு நாள் காபி, மறுநாள் அதே டம்ளர்ல அதே அளவு சூடான பாலும் சீனியும், டிக்காஷன் மட்டும் இல்லாம. இப்படி மாத்தி மாத்தி. மூணு நாள் சேர்ந்தாப்புல காபி, மூணு நாள் சேர்ந்தாப்புல பால்னு வைக்காதீங்க. காபி விட்டு நாளாச்சுன்னா உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயி, திரும்பக் குடிக்கிற முதல் டம்ளர் கூடுதலா ஏத்திக் காட்டும். மூணு மணிக் காபியை ஆறு நாளும் வழக்கம்போலக் குடுத்துடுங்க, தலைவலியும் வராது.

பால் நாள் எதுக்குன்னு கேப்பீங்க. விடியக்காலையில யாருக்குமே பிரஷர் தானா ஏறும். எழுந்து நடமாடுறதே ஏத்தும். பால் நாள் இல்லாம காபி நாளை மட்டும் பார்த்தா, அந்த ஏத்தத்தையும் காபி தலையில கட்டிடுவோம்.

எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகு சாயுற நாற்காலியில, கால் ரெண்டும் தரையில பட, கையை மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு வச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். வெறுங்கையில பட்டை. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை பார்த்துச் சராசரி எழுதுங்க. குடிக்க முன்னால ஒண்ணு, குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, மூணு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. ராத்திரி மாத்திரைக்கு முன்னால ஒண்ணு. மாத்திரையில கை வைக்காதீங்க.

---

கல்லிடை மகள் | வியாழன், காலை 9.30

ஒரு சிக்கல் அக்கா. அப்பா காபி குடிச்சதும் ஆத்துக்குக் குளிக்கப் போவாங்க. அரை மணி நடை, படித்துறையில முங்கிக் குளியல், திரும்பி வர ஏழரை ஆயிடும்.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | வியாழன், காலை 10.10

நல்ல வேளை சொன்னீங்க. அதை வச்சுக்கிட்டுப் பார்த்தா கணக்கே போச்சு. நடையும் ஏத்தும், பச்சைத்தண்ணி மேல பட்டதும் ஏறும், வெயில்ல திரும்பி வந்தா இறங்கவும் செய்யும். இந்த ஆறு நாளும் ஒரு மணி நேர அளவு முடிஞ்ச பிறகு ஆத்துக்குப் போகட்டும். காபி நாள், பால் நாள் ரெண்டுலயும் அப்படித்தான் இருக்கணும். மூணாம் அளவுக்கு வீட்டுக்கு வந்து அரை மணி உட்கார்ந்திருக்கட்டும். இட்லி சாப்பிட்ட பிறகு சிலருக்குக் கொஞ்சம் இறங்கும், அதனால மூணாம் அளவைச் சுத்தமான கணக்கா எடுத்துக்க முடியாது. ஒரு மணி நேர அளவுதான் நமக்கு முக்கியம்.

---

களக்காடு வாத்தியார் | வெள்ளி, இரவு 7.25

அம்மா சொல்வதை முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தினமும் மூன்று மணி நேரம் எட்டுப் புள்ளி ஏறுகிறது என்றால், இருபது வருஷத்தில் அது ரத்தக்குழாயையும் இதயத்தையும் பாதிக்காமல் எப்படி இருக்கும்? ஜப்பானில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பத்தொன்பது வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. பிரஷர் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு கப் காபி குடித்தால் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் ஆபத்து இரட்டிப்பு என்று சொல்கிறது. கல்லிடைக்குறிச்சிப் பெரியவரும் இரண்டு கப்தான் குடிக்கிறார். இதை மறைக்கலாமா?

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | சனி, காலை 6.00

சார், நீங்க இதைக் கொண்டு வந்தது நல்லது. ஆனா அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. இரட்டிப்புன்னு சொன்னது எல்லாப் பிரஷர்காரங்களுக்கும் இல்லை. 160/100, அல்லது அதுக்கு மேல இருந்தவங்களுக்கு மட்டும். அதுக்குக் கீழ இருந்தவங்களுக்கு அந்த ஆபத்து தெரியலை. 160க்கு மேல இருந்தவங்கள்லயும் ஒரு கப் குடிச்சவங்களுக்குத் தெரியலை. காஃபீன் உள்ள பச்சைத் தேயிலைக்கும் எந்தப் பிரிவுலயும் அந்தச் சேர்க்கை இல்லை. அப்படின்னா காஃபீன் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாம நிக்குது.

அந்த ஆய்வை நான் ஒதுக்கலை. 160க்கு மேல நிக்கிற ஒருத்தர் என்கிட்ட வந்தா, பிரஷர் அடங்குற வரைக்கும் ஒரு கப்புக்கு மேல வேண்டாம்னுதான் சொல்லுவேன். 

நீங்க கேட்ட முதல் கேள்வி கஷ்டமானது. தினமும் ஏறினா ஏன் நிலைக்கலை? ஒரு காரணம் பழக்கம். அமெரிக்காவுல 1978ல காபி குடிக்காதவங்களுக்கு 250 மில்லிகிராம் காஃபீன் குடுத்தப்போ ஒரு மணி நேரத்துல 14/10 ஏறுச்சு. அதே குழு 1981ல தினமும் மூணு வேளை குடுத்துப் பார்த்தப்போ, நாலு நாளுக்குள்ள அந்த ஏத்தம் கிட்டத்தட்ட மறைஞ்சுபோச்சு. ஆனா பின்னால செஞ்ச ஆராய்ச்சிகள்ல, தினமும் குடிக்கிறவங்கள்லயும் பாதிப் பேருக்குப் பழக்கம் முழுசா வரலை, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில குடிக்கும்போது திரும்ப ஏறுதுன்னு தெரிஞ்சுச்சு. அதனாலதான் அவங்க அத்தை சொன்ன "நாப்பது வருஷம்" பேச்சு பாதிதான் சரிங்கேன்.

---

களக்காடு வாத்தியார் | சனி, இரவு 8.10

160/100 என்ற வரம்பை நான் கவனிக்கவில்லை. செய்தியில் தலைப்பையும் முதல் பத்தியையும்தான் படித்தேன். திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் கேட்கிறேன். தினமும் குடிப்பவர்களுக்குக் கெடுதல் தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வுகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிரஷர் கூடியவர்கள், படபடப்பு வந்தவர்கள் தாங்களாகவே காபியை விட்டுவிடுவார்கள், அல்லது டாக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பார். கடைசியில் காபி குடிப்போர் கூட்டத்தில் மிஞ்சுவது காபி ஒத்துக்கொண்டவர்கள் மட்டுமே. அவர்களை எண்ணிவிட்டுக் காபி நல்லது என்றால் எப்படி?

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | ஞாயிறு, காலை 6.15

இது சரியான கேள்வி சார். இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. அதனாலதான் காபி பிரஷருக்கு நல்லதுன்னு நான் யாருக்கும் சொல்லுறதில்லை. கெடுதல்னு நிரூபிக்கலை, அவ்வளவுதான். அந்தந்த ஆளை வீட்டுல அளந்து பார்க்கச் சொல்லுறதும் அதுக்குத்தான்.

---

கல்லிடை மகள் | அடுத்த வெள்ளி, இரவு 8.45

ஆறு நாளும் முடிஞ்சுது. அப்பா முதல் நாள் முணுமுணுத்தாங்க, பிறகு அவங்களே நோட்டுப் போட்டுக் கோடு கிழிச்சு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பீடிக் கம்பெனியில கணக்கு எழுதினவங்க, எழுத்து முத்து முத்தா இருக்கு.

காபி நாள் மூணும்:
குடிக்க முன்னால 138/86, 136/84, 139/86
ஒரு மணி கழிச்சு 146/91, 145/90, 148/91
மூணு மணி கழிச்சு 140/87, 138/85, 141/86

பால் நாள் மூணும்:
குடிக்க முன்னால 137/85, 138/86, 135/84
ஒரு மணி கழிச்சு 138/85, 140/86, 137/85
மூணு மணி கழிச்சு 136/84, 137/84, 134/83

ராத்திரி ஆறு நாளும் 130லேருந்து 133க்குள்ள, கீழ் அளவு 80, 82 இப்படித்தான்.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | அடுத்த வெள்ளி, இரவு 9.30

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. எத்தனையோ நோயாளிங்க நோட்டைப் பார்த்திருக்கேன், இப்படி ஒழுங்கா எழுதினவங்க கொஞ்சம் பேர்தான்.

காபி நாள்ல ஒரு மணி நேரத்துல சராசரி 9 ஏறுது. பால் நாள்ல 2 ஏறுது. அந்த ரெண்டு காலை நேரத்தோட ஏத்தம். மிச்சம் 7 காபியோடது. கீழ் அளவுல 5. மூணு மணி நேரத்துல பெரும்பாலும் இறங்கிடுது. நாப்பது வருஷம் குடிச்சும் உங்க அப்பாவுக்குப் பழக்கம் முழுசா வரலை, காலை டம்ளர் ஏத்தத்தான் செய்யுது. இந்த அளவுல ஏற்கனவே பிரஷர் உள்ளவருக்கு இது கண்டுக்காம விடுற ஏத்தமும் இல்லை, பதற வேண்டிய ஏத்தமும் இல்லை.

ஆனா 158க்கும் 146க்கும் நடுவுல இன்னொரு பன்னெண்டு இருக்கு பாருங்க. அது ரெண்டாவது காபி, படி, பேச்சு, சட்டைக்கை எல்லாம் சேர்ந்தது. அதை வச்சு மாத்திரையைக் கூட்டியிருந்தா வேண்டாத மாத்திரையா இருந்திருக்கும். அம்லோடிபின் 10 ஆனா கணுக்கால் வீக்கம் வர்ற வாய்ப்பும் கூடும்.

இன்னொண்ணு என் கண்ணுல படுது, அது காபி விஷயம் இல்லை. எதுவும் குடிக்க முன்னாலயே காலையில 137/85 இருக்கு. வீட்டுக் கணக்குக்கு 135/85ஐத் தொட்டாலே கூடுதல். ராத்திரி நல்லா இருக்கு, ரெண்டும் சேர்த்தா 134 போல, எல்லைக்கோட்டுல நிக்குது. இதுக்குக் காபி பதில் சொல்லாது. சாப்பாட்டுல உப்பு எப்படி?

---

கல்லிடை மகள் | அடுத்த வெள்ளி, இரவு 10.00

அக்கா, எங்க ஊரு அப்பளத்துக்குப் பேர் போன ஊரு. மத்தியானமும் ராத்திரியும் அப்பளம் இல்லாம அப்பா தட்டுல கை வைக்க மாட்டாங்க. நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாயும் உண்டு.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | அடுத்த வெள்ளி, இரவு 10.20

அப்ப முதல்ல அங்கதான் கை வைக்கணும். அப்பளத்துல உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து அஞ்சு கிராம் உப்புக்குள்ள இருக்கணும், அதாவது ஒரு டீஸ்பூன். ரெண்டு அப்பளத்தையும் ஊறுகாயையும் வச்சுக்கிட்டுக் காபியை மட்டும் நிறுத்தினா, காலையில மூணு மணி நேர ஏத்தம் போகும், நாள் முழுக்க இருக்கிற அளவு அப்படியே இருக்கும். டாக்டர்கிட்டப் போகும்போது அந்த நோட்டைக் கையில கொண்டு போங்க. அன்னைக்கு மட்டும் பார்த்து முடிஞ்ச பிறகு காபி.

---

உடன்குடி ராசா | சனி, காலை 7.10

அக்கா சொன்ன பிறகு நானும் எங்க வீட்டு மெஷினை எடுத்துப் பார்த்தேன். கருப்பட்டிக் காபி குடிச்சு ஒரு மணி நேரத்துல எனக்கு 122லேருந்து 130. பிரஷர் இல்லாத எனக்கே ஏறுது. பால் நாள் வச்சுப் பார்க்கலை, அதையும் செய்யணும்.

---

கல்லிடை மகள் | அடுத்த வியாழன், மாலை 5.15

இன்னைக்குப் போயிட்டு வந்தோம். இந்தத் தடவை காலையில காபி குடிக்கலை. மாடி ஏறி, பத்து நிமிஷம் உட்கார்ந்து, கையை மடிச்சு விட்டு, ரெண்டு தடவை பார்க்கச் சொல்லி நானே கேட்டேன். 142/86, 138/84. டாக்டர் நோட்டை நிதானமாப் புரட்டிப் பார்த்தாங்க. மாத்திரை 5 அப்படியே இருக்கட்டும், ஒரு மாசம் அப்பளமும் ஊறுகாயும் விட்டுட்டு வாங்கன்னு சொன்னாங்க. காபியைப் பாதி டம்ளராக்கி, சிக்கரி கூடின பொடிக்கு மாறச் சொன்னாங்க. நிறுத்தச் சொல்லலை.

---

களக்காடு வாத்தியார் | அடுத்த வியாழன், இரவு 7.40

மகிழ்ச்சி. ஆனால் அமெரிக்காவில் 2017 முதல் 130/80ஐயே உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு இன்னும் இறங்க வேண்டியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டாமல் ஒரு மாதம் காத்திருப்பது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | அடுத்த வியாழன், இரவு 8.30

சார், அந்த வரம்பு பத்தி டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரு மாசம் உப்பைக் குறைச்சு எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கட்டும். இறங்கலைன்னா மாத்திரைக்குப் போகத்தான் வேணும், அப்ப நானும் உங்க பக்கம்தான்.

மகளே, அந்த மாசம் முழுக்கத் தினமும் பார்க்க வேண்டாம், அப்பாவுக்கு அதுவே கவலையாயிடும். டாக்டர்கிட்டப் போறதுக்கு முந்தின ஏழு நாள் காலை காபிக்கு முன்னால, ராத்திரி மாத்திரைக்கு முன்னால, ரெண்டு வேளை மட்டும் பாருங்க. முதல் நாள் கணக்கைத் தள்ளிட்டு மிச்ச ஆறு நாளைக்குச் சராசரி எடுங்க.

---

வண்ணார்பேட்டை சுப்பு | அடுத்த வியாழன், இரவு 10.05

அக்கா, நானும் டாக்டரைப் பாத்துட்டேன். மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. சிகரெட் ஒரு நாளைக்கு எட்டுலேருந்து மூணா ஆயிருக்கு. காபி குடிக்கும்போது கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, அதான் பெரிய கஷ்டமா இருக்கு. ஸ்டாண்டுக் கடைக்குப் போகாம வீட்டுலயே குடிச்சுட்டுக் கிளம்பலாமான்னு பாக்கேன்.

---

ஸ்டாஃப்நர்ஸ் பாளை | வெள்ளி, காலை 5.35

அப்படியே செய்யுங்க தம்பி. சிகரெட் பிடிக்கிறவங்க உடம்புல காஃபீன் சீக்கிரம் கரையும், விட்டுட்டா ரொம்ப நேரம் தங்கும். அதனால சிகரெட்டை முழுசா விடும்போது அதே அளவு காபி குடிச்சாக்கூடப் படபடப்பும் தூக்கமின்மையும் கூடுதலாத் தெரியலாம். சிகரெட்டை விட்டதாலதான் இப்படின்னு நினைச்சுத் திரும்பப் போயிடாதீங்க, அந்த நாள்ல காபியைப் பாதியாக்குங்க.